விலை 10% குறைந்தாலும் விற்பனை 10% குறைந்தாலும் என்பிவி ஒன்றாகவே வருகிறது, ஏன்?

கவிதா_செங்காங்

வணக்கம். தோசை மாவு பாக்கெட் போடும் இயந்திரம் வாங்கலாமா என்று ஒரு திட்டக் கணக்கு. இயந்திரத்துக்கும் பொருத்துவதற்கும் 420,000 வெள்ளி, ஆயுள் 5 ஆண்டு, கடைசியில் விற்றால் ஒன்றும் தேறாது என்று வைத்திருக்கிறோம். பேரங்காடிக்குக் கொடுக்கும் விலை ஒரு கிலோ பாக்கெட்டுக்கு 3 வெள்ளி. அரிசி, உளுந்து, பை, குளிர்வண்டி எல்லாம் சேர்த்து பாக்கெட்டுக்கு 1.80. ஆண்டுக்கு 200,000 பாக்கெட். இந்தத் திட்டத்தால் கூடும் நிலையான செலவு ஆண்டுக்கு 90,000. தள்ளுபடி விகிதம் 10%, நிறுவன வரி 17%, இயந்திரச் செலவை மூன்று ஆண்டில் சமமாகக் கழிக்கிறோம்.

என்பிவி, அதாவது முதலீட்டைக் கழித்தபின் நிற்கும் நிகர இன்றைய மதிப்பு, 111,140 வருகிறது. அதுவரை சரி. அடுத்து விலையையும் விற்பனை அளவையும் தனித்தனியாக 10% குறைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் 35,628 என்று ஒரே எண். நிர்வாகத்திடம் இதைக் கொண்டுபோனால் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். கணக்கில் தவறா, இல்லை இயல்பே அப்படித்தானா?

---

துவாஸ்_மணி

இயல்புதான் தங்கச்சி. வருமானம் என்பது விலை பெருக்கல் அளவு. எதை 10% குறைத்தாலும் வருமானம் 540,000தான். அப்புறம் என்பிவி மட்டும் எப்படி மாறும்?

---

நா. பாஸ்கரன்

மணி, வருமானம் வரைக்கும் நீங்கள் சொல்வது சரி. செலவுப் பக்கத்தை விட்டுவிட்டீர்கள். பாக்கெட் குறைவாக விற்றால் அரிசியும் உளுந்தும் குறைவாகத்தான் வாங்குவோம். விலையைக் குறைத்தால் மாவு அரைப்பது அதே 200,000 பாக்கெட்தான், அரிசிக்காரர் ஒரு காசு குறைக்க மாட்டார்.

அளவு 10% குறைந்தால் போவது 20,000 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 1.20 வெள்ளி, ஆக 24,000. விலை 10% குறைந்தால் 200,000 பாக்கெட்டிலும் 30 காசு, ஆக 60,000. இரண்டும் ஒன்றாக வரவே முடியாது. அளவுக்கு 35,628 சரியான எண். விலைக்கு வரவேண்டியது −77,641.

கவிதா, உங்கள் ஷீட்டில் மாறும் செலவு வரிசையில் என்ன சூத்திரம் இருக்கிறது என்று பாருங்கள். 1.80ஐ 3.00ஆல் வகுத்தால் சரியாக 60%. யாரோ அதை "விற்பனையில் 60%" என்று எழுதி வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

---

கவிதா_செங்காங்

ஆமாம் சார், அதேதான். பழைய டெம்ப்ளேட்டில் வந்தது:

```
C13:  =C12*60%
```

12ஆம் வரிசை விற்பனை வருமானம்.

---

எக்செல்_அண்ணன்

இப்படி மாற்றுங்கள். 11ஆம் வரிசை பாக்கெட் எண்ணிக்கை, B5 பாக்கெட்டுக்கான செலவு என்று எடுத்துக்கொள்கிறேன்.

```
C13:  =C11*$B$5
```

அடிப்படை எண் மாறாது, அதே 111,140தான் வரும். அதனால்தான் இந்தப் பிழை யார் கண்ணிலும் படாமல் வருடக்கணக்கில் கிடக்கும். விலையை அசைக்கும்போது மட்டும்தான் வெளியே வரும். விலைக்கு வரும் எண்ணும் அளவுக்கு வரும் எண்ணும் காசு பிசகாமல் ஒத்துப்போனால் ஷீட்டில் எங்கோ செலவு விலையோடு கட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். NPV சூத்திரத்துக்குள் முதலீட்டையும் சேர்த்திருக்கிறீர்களா? எக்செல் அந்தப் பட்டியலின் முதல் எண்ணை ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். முதலீடு வெளியே நிற்க வேண்டும்:

```
=NPV(B9,C20:G20)+B20
```

---

பாத்திமா_பிடோக்

எங்களுடையது துணைப்பாட நிலையம். மாணவர் ஒருவருக்கு மாதம் 180 வெள்ளி கட்டணம், அச்சிட்ட தாள் முதலிய செலவு 10 வெள்ளிகூட வராது. வாடகையும் ஆசிரியர் சம்பளமும்தான் பெரிது. புதுக் கிளைக்குக் கணக்குப் போட்டபோது கட்டணத்தை 10% குறைத்தாலும் மாணவர் எண்ணிக்கையை 10% குறைத்தாலும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் வந்தது. அப்படியானால் எங்கள் ஷீட்டும் பிழையா?

---

நா. பாஸ்கரன்

இல்லைம்மா, உங்களுக்கு அப்படித்தான் வரும். விலையின் தாக்கம் அளவின் தாக்கத்தைப் போல எத்தனை மடங்கு என்பது, விலையை, மாறும் செலவு போக ஒரு அலகில் மிஞ்சும் பங்களிப்பால் வகுத்தால் கிடைக்கும். தோசை மாவுக்கு 3ஐ 1.20ஆல் வகுத்தால் 2.5. உங்களுக்கு 180ஐ 170ஆல் வகுத்தால் 1.06தான். "கிட்டத்தட்ட" ஒன்று என்பதும் "அச்சாக" ஒன்று என்பதும் வேறு. கவிதாவின் ஷீட்டில் அச்சாக ஒன்றாக வந்ததால்தான் சந்தேகம்.

உங்களிடம் கவனிக்க வேண்டியது வேறு. வகுப்பறை நிரம்பிவிட்டால் அடுத்த மாணவருக்கு இன்னொரு ஆசிரியர் வேண்டும். எண்ணிக்கை கூடும் பக்கத்தில் செலவு படிப்படியாக ஏறும். கூட்டும்போது கிடைப்பதும் குறைக்கும்போது போவதும் சமமாக இராது.

---

கவிதா_செங்காங்

திருத்திவிட்டேன். விலைக்கு −77,641, அளவுக்கு 35,628. நன்றி. "எவ்வளவு குறைந்தால் என்பிவி பூஜ்யம்" என்று கேட்பார்கள். Goal Seek போட்டால் விலை 2.82, அளவு 170,564. இது சரியா?

---

நா. பாஸ்கரன்

சரி. கையால் சரிபார்க்கும் வழி சொல்கிறேன், கூட்டத்தில் உதவும்.

இயந்திரக் கழிவால் மிச்சமாகும் வரி மூன்று ஆண்டுக்கும் ஆண்டுக்கு 23,800. அதன் இன்றைய மதிப்பு 59,187. ஆக, நடவடிக்கையிலிருந்து ஈடுகட்ட வேண்டியது 420,000 கழித்தல் 59,187, அதாவது 360,813. ஆண்டுக்கு வரிக்கு முன் ஒரு வெள்ளி சம்பாதித்தால் ஐந்தாண்டில் அதன் இன்றைய மதிப்பு 0.83 பெருக்கல் 3.7908, அதாவது சுமார் 3.146 வெள்ளி. வகுத்தால் ஆண்டுக்கு 114,677 தேவை. நிலையான செலவு 90,000ஐச் சேர்த்தால் பங்களிப்பு 204,677 வரவேண்டும்.

அதை 1.20ஆல் வகுத்தால் 170,564 பாக்கெட், 14.7% சரிவு. 200,000ஆல் வகுத்தால் பாக்கெட்டுக்கு 1.0234, விலை 2.8234, 5.9% சரிவு. 14.7க்கும் 5.9க்கும் இடையே அதே 2.5 மடங்கு நிற்கிறது பாருங்கள். இந்த விகிதம் ஒத்து வராவிட்டால் ஷீட்டில் ஏதோ இடறுகிறது.

வரிக் கணக்கில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. முதல் மூன்று ஆண்டு கழிவு ஆண்டுக்கு 140,000. நடவடிக்கை வருவாய் அதற்குக் கீழே போனால் இந்தத் திட்டம் மட்டும் வரிக்கு நட்டம் காட்டும். அந்த நட்டத்தை விழுங்க நிறுவனத்தில் வேறு லாபம் இருந்தால்தான் மேலே சொன்ன எண்கள் நிற்கும். இல்லையென்றால் வரி மிச்சம் தள்ளிப்போகும், மோசமான கட்டங்கள் இன்னும் கொஞ்சம் மோசமாகும்.

---

லிட்டில்இந்தியா_வாசு

எல்லாரும் 3 வெள்ளி 3 வெள்ளி என்கிறீர்கள். பொருள் சேவை வரி 9% சேர்த்தால் கைக்கு வருவது 3.27. அப்போது 6% குறைந்தாலும் கவலையில்லையே?

---

மளிகை_ரவி

வாசு, அந்த 27 காசு நம்முடையது இல்லை. பதிவு செய்த நிறுவனம் அதை வாங்கி அரசுக்குக் கட்டிவிடும். 3.27 என்று போட்டால் ஆண்டுக்கு 54,000 இல்லாத வருமானம் ஏறும், என்பிவி சுமார் 170,000 பொய்யாக ஊதும். கவிதா சொன்ன 3 வெள்ளி பேரங்காடி கொடுக்கும் விலை, அலமாரியில் ஒட்டிய விலையும் இல்லை. நடுவில் அவர்கள் லாபம் இருக்கிறது.

சரக்குப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

பேரங்காடிகளுக்குக் கொடுக்கும்போது பல சமயம் விற்பனையில் இத்தனை சதவீதம் என்று ஒரு கழிவு இருக்கும். அது உண்மையிலேயே விலையோடு நகரும் செலவு. அண்ணன் சொன்னபடி எல்லாவற்றையும் பாக்கெட் எண்ணிக்கையோடு கட்டிவிடாதீர்கள். 1.80க்குள் 30 காசு அப்படிப்பட்ட 10% கழிவாக இருந்தால் அதை மட்டும் விலையோடு கட்டி, மீதி 1.50ஐ எண்ணிக்கையோடு கட்டுங்கள். விலை தாங்கும் தூரம் 5.9%லிருந்து 6.5% வரை நீளும். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் அதுதான் சரி.

இரண்டாவது, தோசை மாவு அலமாரியில் நாள்கணக்கில்தான் தாங்கும். புளித்துப் பை உப்பினால் திரும்பி வரும். அளவு குறையும்போது பாக்கெட்டுக்கு 1.20தான் போகும் என்று பாஸ்கரன் சார் சொன்னது, அரைக்கும் அளவையும் அன்றே குறைத்தால்தான். வழக்கம்போல் 200,000க்கு அரைத்து 190,000தான் விற்றால், விற்காத ஒவ்வொரு பாக்கெட்டிலும் போவது 3 வெள்ளி முழுசாக.

---

நா. பாஸ்கரன்

ரவி சொல்வது முக்கியம். எண்ணாகவே காட்டுகிறேன். அளவு 5% குறைந்து உற்பத்தியும் கூடவே குறைந்தால் என்பிவி 73,384. உற்பத்தி குறையாமல் அந்த 10,000 பாக்கெட்டும் ஐந்தாண்டும் குப்பைக்குப் போனால் 16,749. விலை 5% குறைந்தால் வரும் எண்ணும் இதேதான். கெட்டுப்போகும் சரக்கில் அளவின் ஆபத்து விலையின் ஆபத்தை எட்டிப் பிடிக்கும்.

நடப்பில் இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் நிற்கும், ஐந்தாண்டும் யாரும் கொட்டிக்கொண்டே இருக்க மாட்டார்கள். கவிதா, "அரைத்த பாக்கெட்", "விற்ற பாக்கெட்" என்று இரண்டு வரிசை வையுங்கள். செலவு முதல் வரிசையைப் பின்பற்றட்டும், வருமானம் இரண்டாவதை.

---

துவாஸ்_மணி

சரி, வருமானக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு சிக்கல் எதுக்கு? ஆபத்து இருக்கிறது என்றால் தள்ளுபடி விகிதத்தை 10லிருந்து 14க்கு ஏற்றுங்கள். அப்பவும் என்பிவி நேர்மறையாக இருந்தால் வாங்கலாம்.

---

நா. பாஸ்கரன்

14% போட்டால் சுமார் 62,700 வரும். நேர்மறைதான். அதைப் பார்த்து நிம்மதியாகப் போய்விடுவார்கள். ஆனால் விலை வெறும் 18 காசு குறைந்தால் திட்டம் விழும் என்ற செய்தி அதில் எங்கே இருக்கிறது? விகிதத்தை ஏற்றுவது எல்லா ஆபத்தையும் ஒரே கலயத்தில் போட்டுக் கலக்குவது. எதை நோக்கிப் பேரம் பேசுவது என்று அதிலிருந்து தெரியாது. விகிதத்தையும் ஏற்றி விலையையும் குறைத்தால் ஒரே ஆபத்தை இருமுறை எண்ணியதாகவும் ஆகும்.

---

எக்செல்_அண்ணன்

தனித்தனியாக அசைப்பதோடு நிறுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்து நகரும் பட்டியல் போடுங்கள். What-If Analysis, Data Table. வெட்டும் மூலைக் கட்டத்தில் என்பிவி கட்டத்துக்கு இணைப்பு, மேல் வரிசையில் அளவு, இடது நெடுக்கையில் விலை. உங்கள் எண்களில் வருவது இது (ஆயிரம் வெள்ளியில்):

```
         160,000  180,000  200,000  220,000
2.70       -191     -134      -78      -21
2.85       -115      -49       17       83
3.00        -40       36      111      187
3.15         36      121      206      290
```

வழக்கமாக இடறும் இடங்கள். விலையும் அளவும் இருக்கும் உள்ளீட்டுக் கட்டங்கள் பட்டியல் இருக்கும் அதே ஷீட்டில் இருக்க வேண்டும். ஓர எண்களை `=B3*0.9` என்று உள்ளீட்டுக் கட்டத்தோடு இணைத்தால் எக்செல் B3ஐ மாற்றும்போது ஓரமும் சேர்ந்து மாறும், குப்பை வரும். நேராகத் தட்டச்சு செய்யுங்கள். எல்லாக் கட்டத்திலும் ஒரே எண் வந்தால் கணக்கிடும் முறை Automatic except for Data Tables என்று இருக்கிறது, F9 அழுத்துங்கள்.

---

கவிதா_செங்காங்

பட்டியல் வந்துவிட்டது. ஒரு விஷயம் புரியவில்லை. விலை 5% குறைந்தால் 16,749, அளவு 5% குறைந்தால் 73,384. இரண்டும் தனியாக நேர்மறை. இரண்டும் சேர்ந்து 5% குறைந்தால், அதாவது 2.85, 190,000 என்று போட்டால் −16,287. இது எப்படி?

---

நா. பாஸ்கரன்

விலையால் போவது 94,391, அளவால் போவது 37,756. கூட்டினால் 132,147. கையிலிருந்தது 111,140தான், அதனால் கீழே போகிறது. உண்மையில் சேர்ந்து போவது 127,427. கூட்டலைவிட 4,720 குறைவு, ஏனென்றால் விற்காத 10,000 பாக்கெட்டில் விலைக்குறைப்பின் 15 காசு போவதில்லை. சின்ன எண்தான். ஒவ்வொன்றையும் தனியாக அசைத்து "இரண்டும் தாங்கும்" என்று எழுதும் அறிக்கைகள் இங்கேதான் ஏமாற்றும்.

பட்டியலில் 2.70 வரியைப் பாருங்கள். நேர்மறைக் கட்டமே கிடையாது. விலையை 30 காசு குறைத்துவிட்டு "நிறைய விற்றுச் சமாளிப்போம்" என்றால் 220,000 பாக்கெட் விற்றாலும் 21,000 நட்டம். உங்கள் இயந்திரத்தால் ஆண்டுக்கு எத்தனை முடியும்?

---

கவிதா_செங்காங்

ஒரு ஷிப்டில் 220,000தான் சார்.

---

நா. பாஸ்கரன்

அப்படியானால் 2.85க்கே கேள்வி எழுகிறது. இன்றைய 111,140ஐ 2.85 விலையில் காப்பாற்ற 228,571 பாக்கெட் வேண்டும். இயந்திரத்தால் முடியாது. இரண்டாவது ஷிப்ட் வைத்தால் நிலையான செலவு 90,000ஐத் தாண்டும், கணக்கே வேறாகும். பட்டியலில் 220,000க்கு வலப்பக்கம் எந்த நெடுக்கையும் போடாதீர்கள், அது கற்பனைச் சரக்கு.

விலையைக் குறைத்தால் அளவு கூடும் என்பதும் யார் குறைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் பேரங்காடிக்குக் குறைத்துக் கொடுத்து அவர்கள் அலமாரி விலையைக் குறைக்காவிட்டால் வாங்குபவருக்கு எதுவும் தெரியாது. விலை மட்டும் போகும், அளவு அங்கேயே நிற்கும்.

---

மளிகை_ரவி

கடனையும் சேர்க்கவில்லையே. 60 நாள் கழித்துத்தான் காசு வரும் என்றால் 600,000 விற்பனையில் எப்போதும் 98,600 வெளியே நிற்கும். ஐந்தாம் ஆண்டு முடிவில் திரும்ப வந்தாலும் நடுவில் காத்திருந்த செலவு இருக்கிறதே.

---

நா. பாஸ்கரன்

இருக்கிறது. 10% விகிதத்தில் அந்தக் காத்திருப்பு சுமார் 37,400. அடிப்படை என்பிவி 73,800க்கு இறங்கும், விலை தாங்கும் தூரம் 5.9%லிருந்து 4% ஆகும். பாக்கெட்டுக்கு 12 காசு. கடன் நாளைக் குறைத்து வாங்குவதும் விலையைக் காப்பதும் இங்கே ஒரே பேரத்தின் இரண்டு முனை.

---

துவாஸ்_மணி

ஆக விலைதான் எல்லாம். அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று அறிக்கையில் எழுதிவிடலாமா?

---

பாத்திமா_பிடோக்

அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. விலை ஒப்பந்தத்தில் ஓராண்டுக்குக் கட்டப்பட்டிருந்தால் 6% இறங்க வாய்ப்பு கம்மி. அளவுக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை, அது 20% கூட இறங்கலாம். இரண்டையும் 10% என்று அசைப்பதே சரியான ஒப்பீடா?

---

நா. பாஸ்கரன்

நியாயமான கேள்வி. 5.9%உம் 14.7%உம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று சொல்கின்றன. அந்தத் தூரம் வரை போகுமா என்பதை அவை சொல்லாது. ஒவ்வொன்றுக்கும் தனி வீச்சு வைப்பதுதான் சரி: ஒப்பந்தம் அனுமதிக்கும் விலை, பழைய விற்பனைப் பதிவில் தெரியும் அளவு. முதல் ஆண்டு மட்டும் 120,000 பாக்கெட்தான் விற்று, பிறகு நிமிர்ந்தாலும் என்பிவி 38,700க்கு வந்துவிடுகிறது. அறிமுகப் பொருளுக்கு அது நடக்கக்கூடியதே.

---

துவாஸ்_மணி

அப்படிப் பார்த்தால் விலையும் முதல் நாளே குறையாதே? போட்டியாளர் வந்து நெருக்க இரண்டு வருடமாவது ஆகும்.

---

நா. பாஸ்கரன்

அது நல்ல கேள்வி மணி. 10% குறைவு மூன்றாம் ஆண்டிலிருந்து மட்டும் என்றால் −77,641 இல்லை, சுமார் 8,800 நேர்மறை. கடன் காத்திருப்பைச் சேர்த்தால் அதுவும் போய்விடும். எந்த ஆண்டில் குறையும் என்பதை ஷீட் சொல்லாது. நான் இரண்டாம் ஆண்டு என்று வைப்பேன், நீங்கள் மூன்று என்பீர்கள். கவிதாவின் விற்பனைப் பிரிவுதான் சொல்ல வேண்டும்.

---

கவிதா_செங்காங்

விற்பனைப் பிரிவு "குறையவே குறையாது" என்கிறது. ஆண்டை மாற்றிப் பார்க்கும்படி ஷீட்டில் எப்படி வைப்பது?

---

எக்செல்_அண்ணன்

B7இல் விலை மாற்றம் (−10%), B8இல் எந்த ஆண்டிலிருந்து, 10ஆம் வரிசையில் 1 முதல் 5 வரை ஆண்டு எண். வருமான வரிசையில்:

```
C12:  =C11*$B$3*(1+IF(C$10>=$B$8,$B$7,0))
```

G வரை இழுங்கள். பிறகு இன்னொரு Data Table போட்டு மேலே B8, பக்கத்தில் B7 கொடுங்கள். விற்பனைப் பிரிவுக்கு அந்தப் பட்டியலை அனுப்பி, எந்தக் கட்டத்தில் நிற்பார்கள் என்று அவர்களையே வட்டமிடச் சொல்லுங்கள்.